ஜன்னல் பக்கம் சாயும் ரப்பர் செடி: தொட்டியை எவ்வளவு திருப்புவது, எப்போது திருப்புவது?

"ஜன்னல் ஓரமா வச்சிருக்கிற ரப்பர் செடி ஜன்னல் பக்கமே சாஞ்சுட்டு போகுது. போன மாசம் தொட்டியை அப்படியே பின்பக்கமா திருப்பி வச்சேன். பத்து நாள்ல அடியில இருந்த ரெண்டு இலை மஞ்சளாகி விழுந்துடுச்சு, தண்டு இப்ப எஸ் மாதிரி வளையுது. திருப்பறதே தப்பா, இல்ல நான் திருப்பின விதம் தப்பா?"

விதம்தான் தப்பு. ஒரே நாளில் அரை வட்டம் திருப்பிவிட்டு ஒரு மாதம் அப்படியே விட்டிருக்கிறீர்கள், அதனால் வந்ததுதான் அந்த எஸ் வளைவு. இதை உறுதியாகச் சொல்லலாம். இலை உதிர்ந்த பழியையும் திருப்பியதன் மேல் போட முடியுமா என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன். தாவரவியல் படித்துவிட்டு நர்சரியில் பல வருடம் தொட்டிச் செடிகளோடு கிடந்தவன் என்பதால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப்போகிறேன். காரணம் புரிந்துவிட்டால் எவ்வளவு திருப்ப வேண்டும், எத்தனை நாளுக்கு ஒருமுறை திருப்ப வேண்டும் என்பதை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

செடி ஜன்னல் பக்கம் சாய்கிறது என்று சொல்கிறோமே தவிர, அது சாய்வது இல்லை. ஒரு பக்கம் மட்டும் கூடுதலாக வளர்கிறது. வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வரும்போது, வளர்ச்சியைத் தூண்டும் ஆக்சின் என்ற ஹார்மோன் தண்டின் நிழல் பக்கத்துக்கு அதிகமாகப் போய்ச் சேருகிறது. அந்தப் பக்கத்துச் செல்களின் சுவர் தளர்ந்து, செல்கள் வெளிச்சப் பக்கத்துச் செல்களைவிட நீளமாகின்றன. அறைப் பக்கம் நீளம், ஜன்னல் பக்கம் குட்டை என்றால் தண்டு ஜன்னலை நோக்கித்தானே வளையும்? இதைத் தூண்டுவது முக்கியமாக நீல ஒளி. சுத்தமான சிவப்பு விளக்கை மட்டும் பக்கவாட்டில் வைத்தால் பெரும்பாலான செடிகள் அந்தப் பக்கம் வளைய மாட்டா.

இதில் உங்களுக்கு வேண்டிய விஷயம் ஒன்றுதான். நீண்டுகொண்டிருக்கும் பகுதி மட்டுமே இப்படி வளையும். சார்லஸ் டார்வினும் அவர் மகன் ஃபிரான்சிஸும் புல் நாற்றுகளை வைத்துச் செய்த சோதனைகளை 1880இல் வெளியிட்டார்கள். குருத்தின் நுனியை மூடிவைத்தால் நாற்று வெளிச்சத்தின் பக்கம் வளையவில்லை, அடிப்பகுதியை மூடி நுனியைத் திறந்து விட்டால் வளைந்தது. அதாவது வெளிச்சத்தை உணரும் இடம் நுனி, வளையும் இடம் அதற்குக் கீழே. ரப்பர் செடி புல் நாற்று இல்லை, இதில் இளந்தண்டே வெளிச்சத்தை உணரும். ஆனாலும் வளைவது கொழுந்துக்குக் கீழே பச்சையாக, இன்னும் நீண்டு முடியாமல் இருக்கும் அந்தச் சில கணுக்களின் இடைவெளிதான். அதற்குக் கீழே பட்டை பழுப்பாகி நார் ஏறிய பகுதியில் செல்கள் நீள்வதை நிறுத்திவிட்டன. நேராக இருந்தபோது கெட்டிப்பட்டிருந்தால் நேராகவே நிற்கும், வளைந்திருந்தபோது கெட்டிப்பட்டிருந்தால் அந்த வளைவோடுதான் நிற்கும்.

இப்போது உங்கள் எஸ்ஸுக்கு வருவோம். பல மாதம் ஜன்னலைப் பார்த்து வளைந்த தண்டின் கீழ்ப்பாதி அந்த வளைவிலேயே கெட்டிப்பட்டுவிட்டது. நீங்கள் அரை வட்டம் திருப்பியதும் கெட்டிப்பட்ட பாதி அறைப் பக்கம் சாய்ந்து நின்றது. மேலே இருந்த இளம்பகுதி வழக்கம்போல் ஜன்னலைத் தேடித் திரும்பியது. கீழே ஒரு வளைவு, மேலே எதிர்ப்பக்கம் ஒரு வளைவு. இப்போது பயந்துபோய் மறுபடி அரை வட்டம் திருப்பினால் மூன்றாவது வளைவு சேரும். தயவு செய்து அதைச் செய்யாதீர்கள்.

ஆகவே திருப்புவதன் வேலை வளைந்ததை நிமிர்த்துவது இல்லை. வளைவு கெட்டிப்படும் முன்பே இளந்தண்டுக்கு வேறு பக்கத்திலிருந்து வெளிச்சம் கிடைக்கச் செய்வதுதான். ஆய்வுக்கூடங்களில் கிளினோஸ்டாட் என்று ஒரு கருவி உண்டு, அது செடியை மிக மெதுவாகச் சுழற்றிக்கொண்டே இருக்கும். செடியைச் செங்குத்தாக நிறுத்திச் சுழற்றினால் எல்லாப் பக்கமும் வெளிச்சம் சமமாகப் படுவதால் எந்தப் பக்கமும் வளையத் தோன்றாது. நாம் கையால் செய்வது அதன் சோம்பேறி வடிவம். சுற்று எவ்வளவு சீராகவும் சின்னச் சின்ன அடிகளாகவும் இருக்கிறதோ அவ்வளவு நல்லது.

அப்படியானால் எத்தனை நாளுக்கு ஒருமுறை? கால் வட்டம், வாரம் ஒருமுறை என்பது நர்சரிக்காரர்கள் வாயில் வழக்கமாக வரும் கணக்கு. மோசமான கணக்கு இல்லை, ஆனால் அது வெறும் பழக்கக் கணக்கு, எல்லாச் செடிக்கும் பொருந்தும் சட்டம் இல்லை. உங்கள் செடியையே கேட்டுவிடலாம். ஒரு நூலின் முனையில் சாவியோ நட்டோ கட்டி, கொத்தனார் தூக்குக்குண்டு விடுவதுபோலக் கொழுந்தின் அருகிலிருந்து தொங்க விடுங்கள். நூல் மண்ணைத் தொடும் இடம் தண்டின் அடியிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது என்று அளந்து எழுதிவைத்து, தொட்டியை அசைக்காமல் ஒரு வாரம் கழித்து மறுபடி அளந்து பாருங்கள். கண்ணுக்குத் தெரிகிற அளவு, ஒரு சென்டிமீட்டருக்கு மேல், ஜன்னல் பக்கம் நகர்ந்திருந்தால் செடி வேகமாக வளர்கிறது என்று அர்த்தம். அதற்கு மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை திருப்பல் வேண்டும். அசைவே தெரியவில்லை என்றால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போதும். குளிர்ந்த, வெளிச்சம் குறைந்த மாதங்களில் செடி வளர்ச்சியை நிறுத்திவிட்டால் திருப்பாமல் விட்டாலும் ஒன்றும் ஆகாது, புதிதாக நீளாத தண்டு புதிதாக வளையவும் முடியாது. (அதே அளவை வைத்து இன்னொன்றும் கண்டுபிடிக்கலாம். வளைவு கொழுந்துக்குக் கீழே இல்லாமல் மண் மட்டத்திலேயே இருந்து, தண்டைத் தொட்டு ஆட்டினால் வேரோடு சேர்ந்து ஆடுகிறது என்றால் அது வெளிச்சச் சிக்கல் இல்லை. வேர் பிடிக்கவில்லை அல்லது அழுகுகிறது. அதற்குத் தொட்டியைத் திருப்பிப் பயனில்லை.)

திருப்பும்போது எப்போதும் ஒரே திசையில் திருப்புங்கள். இந்த வாரம் வலப்பக்கம், அடுத்த வாரம் இடப்பக்கம் என்று போனால் இரண்டு பக்கங்கள் மட்டும் மாறி மாறி வெளிச்சம் பார்க்கும், மற்ற இரண்டும் இருட்டிலேயே கிடக்கும். தொட்டியின் விளிம்பில் அழியாத மையால் ஒரு புள்ளி வைத்துவிடுங்கள், எங்கே விட்டோம் என்று நினைவில் வைக்க வேண்டியதில்லை. நான் முன்பெல்லாம் தண்ணீர் ஊற்றும் நாளையே திருப்பும் நாளாக வைத்திருந்தேன், மறக்காது என்பதற்காக. ரப்பர் செடி மாதிரி மேல்மண் காய்ந்த பிறகே தண்ணீர் கேட்கும் செடிக்கு அந்த இடைவெளி பருவத்துக்குப் பருவம் மாறும். ஆனால் அதுவும் ஒரு விதத்தில் சரிதான், வேகமாக வளரும் காலத்தில் தண்ணீரும் அடிக்கடி வேண்டும், திருப்பலும் அடிக்கடி வேண்டும். கனமான தொட்டி என்றால் கீழே சக்கரத் தட்டோ சுழல் தட்டோ வையுங்கள். தொட்டியைத் தண்டைப் பிடித்துத் திருப்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், மெல்லிய வேர்கள் அப்படித்தான் அறுபடுகின்றன.

சரி, திருப்பினால் செடி ஏன் கோபித்துக்கொள்கிறது? தண்டு பாதி, இலை பாதி. ஜன்னலைப் பார்த்து வளர்ந்த செடியில் ஒவ்வொரு இலையும் தன் காம்பை வளைத்து முகத்தை வெளிச்சத்துக்குக் காட்டிப் படிந்திருக்கும். அரை வட்டம் திருப்பினால் ஒரே நாளில் எல்லா இலைகளும் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நிற்கும். இளம் இலைகள் காம்பை முறுக்கி மெல்லத் திரும்பிக்கொள்ளும். முதிர்ந்த இலைகளின் காம்பு கெட்டிப்பட்டிருப்பதால் அவற்றால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. திருப்பிய செடியில் தெரியும் தொய்வும் குழப்பமும் இதுதான். இன்னொரு பக்கம், இத்தனை நாள் அறைப் பக்கம் மங்கலான வெளிச்சத்தில் வளர்ந்த இலைகள் மெல்லியவை, நேர்வெயில் பழகாதவை. ஜன்னலில் நேர்வெயில் விழுமானால் அவை இரண்டு மூன்று நாளில் கருகும். கருகல் எப்படி இருக்கும் என்றால், கண்ணாடியைப் பார்த்திருந்த பகுதியில் மட்டும் வெளுத்து, காய்ந்த காகிதம்போல் ஒரு திட்டு. அது அதற்கு மேல் பரவாது. திட்டு நாளுக்கு நாள் பெரிதாகிக்கொண்டே போனாலோ, சுற்றி மஞ்சள் வளையம் இருந்தாலோ, வெயிலைத் தவிர வேறு காரணத்தைத் தேடுங்கள்.

உங்கள் இரண்டு இலைகள் மஞ்சளாகித்தான் விழுந்தன, கருகவில்லை. அதுவும் அடியில் இருந்தவை. அதனால்தான் முழுப் பழியையும் திருப்பியதன் மேல் போடத் தயங்குகிறேன். ரப்பர் செடியும் அதன் உறவான அத்தி, ஆல் வகைத் தொட்டிச் செடிகளும் வெளிச்சம் திடீரென்று மாறினால் இலை உதிர்ப்பது உண்மை, திருப்பியபோது அந்த அடி இலைகள் இன்னும் இருட்டான பக்கம் போயிருக்கலாம். ஆனால் அதே வாரத்தில் மண் ஈரமாக இருக்கும்போதே தண்ணீர் ஊற்றியிருந்தாலும் இதே அடி இலைகள்தான் முதலில் மஞ்சளாகும். பிரித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. விரலை இரண்டாவது கணு வரை மண்ணில் விட்டுப் பாருங்கள், தண்ணீர் ஊற்றி ஒரு வாரம் ஆன பிறகும் ஈரமாக, புளித்த வாடையோடு இருந்தால் தண்ணீர்தான் முதல் குற்றவாளி. மண் சரியாகக் காய்ந்துகொண்டிருந்து, இரண்டு இலையோடு உதிர்வு நின்றும்விட்டது என்றால் வெளிச்ச மாற்றம் என்று வைத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் எதுவும் செய்ய வேண்டாம்.

உங்களுடையதைப் போலவே ஒரு ரப்பர் செடியை எங்கள் நர்சரிக்கு ஒருவர் தூக்கிக்கொண்டு வந்தார். ஏறக்குறைய 90 சென்டிமீட்டர் உயரம், கொழுந்து அடித்தண்டிலிருந்து 25 சென்டிமீட்டர் வெளியே தள்ளி நின்றது, தொட்டி கவிழ்ந்துவிடாமல் இருக்க ஒரு செங்கல்லை வைத்திருந்தார். கீழ்ப்பாதிக்கு மேலேயே பழுப்புப் பட்டை, மேலே பச்சை, அதிலும் உண்மையில் நீண்டுகொண்டிருந்தது மேல் ஒரு சாண்கூட இல்லை. அதற்கு நாங்கள் கால் வட்டம்கூடத் திருப்பவில்லை. அரைக்கால் வட்டம், அதாவது 45 டிகிரி, நான்கு நாளுக்கு ஒருமுறை. எட்டுத் திருப்பலில், ஒரு மாதத்தில், ஒரு முழுச் சுற்று. நேர்வெயில் படாத ஆனால் நல்ல வெளிச்சமான இடம். இலை ஒன்றும் விழவில்லை. மூன்று மாதத்தில் புதிதாக வந்த ஒரு சாண் தண்டு நேராக மேலே போனது, ஏனென்றால் எந்தப் பக்கத்து வெளிச்சமும் தொடர்ந்து இழுக்காதபோது புவியீர்ப்பை உணர்ந்து நிமிரும் இயல்பு மேலோங்கும். ஆனால் கீழே இருந்த பழைய சாய்வு அப்படியே இருந்தது, நாங்கள் எதிர்பார்த்ததும் அதுதான். மரத்தண்டுகள் ஒரு பக்கம் இழுவிசைக் கட்டை என்ற, தண்டை இழுத்துப் பிடிக்கும் தனிவகைக் கட்டையை உருவாக்கி மிக மெல்ல நிமிரப் பார்க்கும் என்பது உண்மை, தொட்டிச் செடியில் அதற்காகக் காத்திருந்தால் வருடக்கணக்காகும்.

அந்தப் பழைய சாய்வை மறு தொட்டி மாற்றும்போது சரி செய்தோம். வேர்க்கட்டியை நேராக வைக்காமல் சாய்வுக்கு எதிர்ப்பக்கம் கொஞ்சம் சாய்த்து வைத்து, தண்டு செங்குத்தாக வரும்படி பார்த்து மண் போட்டு அமுக்கினோம். ஒரு பக்கமாகவே வளைந்த செடிக்கு இது நன்றாக வேலை செய்யும், இரண்டு பக்கம் வளைந்த உங்கள் எஸ்ஸுக்கு முழுமையாகச் செய்யாது. உங்களுக்கு இரண்டு வழி. ஒன்று, வேரைக் குத்தாமல் தொட்டி ஓரமாக ஒரு குச்சி நட்டு, மெத்தென்ற துணி நாடாவால் எட்டு வடிவத்தில் தளர்வாகக் கட்டி, மேல் வளைவை இனி கூடாமல் பார்த்துக்கொள்வது. பச்சையாக இருக்கும் பகுதியை மெல்ல மெல்ல இழுக்கலாம், பழுப்பான பகுதியை இழுக்காதீர்கள், முறிந்துவிடும். இன்னொன்று, நன்றாக வளரும் பருவத்தில் வளைவுக்குக் கீழே ஒரு கணுவுக்கு மேலே வெட்டிவிடுவது. கீழேயிருந்து பெரும்பாலும் ஒன்றோ இரண்டோ புதுத்தளிர் வரும், அவற்றை முதல் நாளிலிருந்தே திருப்பித் திருப்பி நேராக வளர்த்துவிடலாம். வெட்டினால் வெள்ளைப் பால் வடியும், தோலில் பட்டால் அரிக்கும், கையுறை போட்டுக்கொண்டு ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள், செல்லப் பிராணிகளை எட்ட வையுங்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதல் வழியைத்தான் எடுப்பேன். எஸ் வளைந்த ரப்பர் செடி பார்க்க ஒன்றும் அசிங்கமாக இருக்காது.

எல்லாச் செடியையும் இப்படிச் சுற்றிக்கொண்டிருக்க வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பூக்காம்பு நீண்டுகொண்டிருக்கும் ஃபெலனாப்சிஸ் ஆர்க்கிட்டை நான் ஒருமுறை இதே நல்லெண்ணத்தில் வாராவாரம் திருப்பினேன். மொட்டுகள் வெளிச்சத்தைப் பார்த்துத்தான் முகத்தை அமைத்துக்கொள்ளும் என்பதால், விரிந்தபோது ஒரு பூ வலப்பக்கம், அடுத்தது இடப்பக்கம், ஒன்று பின்னால் என்று சண்டைபோட்டவர்கள் மாதிரி நின்றன. காம்பு வர ஆரம்பித்ததிலிருந்து கடைசி மொட்டு விரியும்வரை அதைத் தொடாமல் விடுங்கள். மொட்டு வைத்த கிறிஸ்துமஸ் கள்ளியும் வெளிச்சம், வெப்பம் எல்லாம் சேர்ந்து மாறினால் மொட்டை உதிர்க்கும், அந்தச் சில வாரங்களுக்கு அதையும் விட்டுவிடலாம். கம்பத்தில் ஏறும் மான்ஸ்டெராவுக்கு முன்பக்கம் பின்பக்கம் உண்டு, இலை ஒரு பக்கமும் விழுதுவேர் எதிர்ப்பக்கமும் வரும். அதைச் சுற்றிச் சுற்றித் திருப்பினால் கம்பத்தை விட்டு விலகித் தள்ளாடும். அதன் இலைப்பக்கத்தை ஜன்னலுக்குக் காட்டி நிறுத்திவிட்டால் போதும். விதை நாற்றுகள் இதற்கு நேர் எதிர், சில மணி நேரத்திலேயே வளைந்துவிடும், அவற்றுக்குத் தினமும் அரை வட்டம் திருப்பினாலும் தாங்கும், ஏனென்றால் வளைவு கெட்டிப்பட அவகாசமே கிடைப்பதில்லை.

கடைசியாக, திருப்பியும் பிடிவாதமாகச் சாய்கிற செடியைப் பற்றி. திருப்புவது வெளிச்சத்தைப் பங்கிடும், கூட்டாது. புதிதாக வந்த இரண்டு இலைகளுக்கு இடையே உள்ள தூரத்தைப் பழைய இலைகளுக்கு இடையே உள்ள தூரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். புதியது வெளிப்படையாக நீண்டு, இலை சின்னதாக வந்திருந்தால் செடிக்கு வெளிச்சமே போதவில்லை, திருப்பினால் எல்லாப் பக்கமும் சமமாக நோஞ்சானாகும், அவ்வளவுதான். நர்சரியில் இதே செடி நேராக நின்றதற்குக் காரணம் எங்கள் கைராசி இல்லை, அங்கே வெளிச்சம் மேலேயிருந்து வந்தது. வீட்டில் ஜன்னலிலிருந்து இரண்டடி பின்னால் நகர்த்தினாலே வெளிச்சம் நாம் நினைப்பதைவிட மிக அதிகமாகக் குறையும், நம் கண் பழகிக்கொள்வதால் அது நமக்குத் தெரிவதில்லை. முதலில் தொட்டியைக் கண்ணாடிக்கு அருகே கொண்டுவாருங்கள், நேர்வெயில் விழும் ஜன்னல் என்றால் முதல் இரண்டு வாரம் மெல்லிய திரை போட்டு. இன்னும் போதவில்லை என்றால் செடிக்கு நேர் மேலே, ஓரடி உயரத்தில் ஒரு வெள்ளை எல்இடி விளக்கைப் பகல் நேரம் முழுக்க எரிய விடுங்கள், அதில் நீல ஒளியும் இருப்பதால் கொழுந்து அதைப் பார்த்து மேலே ஏறும். பக்கத்தில் மேசை விளக்குபோல் வைத்துவிடாதீர்கள், அப்புறம் விளக்குப் பக்கம் சாய்கிறது என்று இன்னொரு கேள்வி கேட்க வேண்டியிருக்கும்.